பிளேடின் கூர் எந்தப் பக்கம்

அம்சவேணிக்கு ஆள் முகம் நினைவில் நிற்காது. கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரை யாரென்றே தெரியாமல் பத்து நிமிஷம் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் ஒரு மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து அடியைக் காட்டினால் போதும். அது எந்த மெஷினில் உட்காரும், எதில் உட்காராது என்று பார்த்த கையோடு சொல்லிவிடுவாள். பெங்களூரில் சிக்பேட்டைப் பக்கத்துச் சந்து ஒன்றில், மிக்ஸி சாமான்களை மொத்தமாக விற்கிற கோடவுனில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை.

காலையில் கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டோடு ரயில் ஏறினால், திரும்பி வந்து இறங்கும்போதும் இருட்டுதான். ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்பன் காலத்தில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினவர்களுக்கும் அதே கதைதான். அவர்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்கு அடியில் போனார்கள், நாம் ரயிலில் ஏறி பெங்களூருக்குப் போகிறோம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கோடவுனுக்கு ஆர்டர்கள் எல்லாம் போட்டோவாகத்தான் வரும். ஹாசனிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் ரிப்பேர் கடைக்காரர்கள் உடைந்த ஜாரைப் படம் பிடித்து அனுப்பி, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பார்கள். மெஷின் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் கம்பெனி இருக்காது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் விவேக் என்ற பையன், போனை அவள் பக்கம் நீட்டி, "அக்கா, இது நோடி, பாருங்க" என்பான். இவள் பார்ப்பாள்.

முதலில் அடிப்பக்கம். அங்கே கப்ளிங் இருக்கும். பல் வைத்த சின்ன வட்டு அது. மெஷினின் தலையில் இருக்கிற ஜோடி வட்டோடு கோத்துக்கொண்டு பிளேடைச் சுற்றவைப்பது அதுதான். பல் எத்தனை, கட்டம் கட்டமாக இருக்கிறதா முனை மழுங்கி உருண்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பாள். பிறகு அதைச் சுற்றி இருக்கும் அடிவளையம். அதில் வெட்டுப் பள்ளம் மூன்றா நான்கா என்று பார்ப்பாள். போட்டோவில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும் என்பதால், பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்து எடுக்கச் சொல்வாள். தீப்பெட்டியை வைத்து வளையத்தின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். கடைசியாக ஜாருக்குள் எட்டிப் பார்த்த போட்டோ. இறக்கை எத்தனை, மேலே வளைந்தது எத்தனை, கீழே வளைந்தது எத்தனை, எல்லாவற்றையும்விட முக்கியமாக, கூர் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள்.

இது பலருக்குத் தெரியாது. சில மெஷின் கடிகார முள் போலச் சுற்றும். சிலது எதிர்ப்பக்கம் சுற்றும். பிளேடின் ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு பக்கம்தான் சாணை பிடித்திருப்பார்கள். மெஷின் சுற்றுகிற பக்கம் பார்த்து அந்தக் கூர் இருக்க வேண்டும். கப்ளிங்கின் திருகும் அப்படித்தான். ஓட ஓட இறுகுகிற மாதிரி திருகு வெட்டியிருப்பார்கள். மாற்றி மாட்டினால் ஓட ஓடக் கழன்றுகொள்ளும். ஆறு பல் கப்ளிங் வைத்த ஜார்கள் கோடவுனில் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கூர் மட்டும் இதில் இந்தப் பக்கம், அதில் அந்தப் பக்கம். புதிதாக வேலைக்கு வந்த ஆட்கள் மாற்றி எடுத்து ஏச்சு வாங்குவார்கள். அம்சவேணி மாற்றி எடுத்ததில்லை.

அந்தப் பேர் கோரமண்டலைத் தாண்டி, பக்கத்திலிருக்கும் ஆண்டர்சன்பேட்டை, மைசூர் மைன்ஸ் வரைக்கும் போயிருந்தது. ஜார் உடைந்தால் வேணிக்கு ஒரு போட்டோ போடு என்பார்கள். அவளும் சம்பளத்துக்கு மேல் ஒரு வேலையாக அதைச் செய்துவந்தாள். அதில் அவளுக்குக் காசு இல்லை, கொஞ்சம் கர்வம் இருந்தது.

*

பாப்பம்மா போன் பண்ணியது ஒரு வியாழக்கிழமை காலை, ரயில் பங்காருப்பேட்டையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில்.

பாப்பம்மாவின் புருஷன் வேலுவும் அம்சவேணியின் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில், ஒரே லெவலில், அதாவது ஒரே ஆழத்தில் வேலை பார்த்தவர்கள். உறவு என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் சின்ன வயசிலிருந்து வேலு மாமா, பாப்பம்மா அத்தை. மைன்ஸ் மூடினபிறகு வேலு பெங்களூரில் வாட்ச்மேனாக இருந்து, வயசாகி வீட்டோடு வந்தார். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் பக்கவாதம் அடித்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. விழுங்குவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு அனுப்பினார்கள். வயிற்றுக்குப் போகிற குழாய். ஒரு நாளைக்கு நாலு வேளை, சோறும் பருப்பும் கேரட்டும் முட்டையும் வேகவைத்து, மிக்ஸியில் தண்ணீராக அரைத்து, வடிகட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஊற்றி அந்தக் குழாய்க்குள் இறக்க வேண்டும். மகள் லதாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. பாப்பம்மாதான் எல்லாம்.

"வேணி, மிக்ஸி ஜாரு கெட்டுப்போச்சிடி. அரைக்க சொல்லோ அடியில கருப்பா ஒழுவுது. சாப்பாட்டுலயும் எண்ணெ மாதிரி மெதக்குது. அத்த எப்டி அந்த மனுசனுக்கு ஊத்தறது?"

"பிளேடுக்கு அடியில கீற புஷ் தேஞ்சி போயிருக்கும் அத்தே. மனோகர் ரிப்பேர் கடையில காட்டனியா?"

"காட்டனேன். பாத்துட்டு, அடியே விரிசல் உட்டுருச்சி, புஷ் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஜாரே மாத்துன்றான். இந்தக் கம்பெனி ஜாரு எங்கிட்ட கெடையாதுன்றான். நீ கொஞ்சம் பாத்து எடுத்தாந்துருடி."

"ஜார எங்கிட்ட குடுத்து அனுப்பேன்."

"அத்த குடுத்துட்டு நான் எதுல அரைக்கறது? ஒழுவனாலும் அதுதான் கீது. மேல மேல வழிச்சி எடுத்து ஊத்தினு கீறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நாயித்துக்கெழம வந்து ஒருதரம் பாத்துட்டுப் போயேன். மாமாவயும் பாத்த மாதிரி இருக்கும்," என்றாள்.

"எதுக்கு அத்தே அலைச்சல். அடிய ஒரு போட்டோ, உள்ள பிளேட ஒரு போட்டோ. பக்கத்துல தீப்பெட்டி வெச்சி எடு. போதும்."

"எனக்கு இன்னாடி போட்டோ எடுக்கத் தெரியும். லதாகிட்ட போன்ல மூஞ்சி காட்டிப் பேசறதோட சரி."

"அதே மாதிரிதான். மூஞ்சிக்குப் பதிலா ஜாரக் காட்டு."

சொன்னது அவள்தான். பின்னால் எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும், சொன்னது அவள்தான்.

சாயங்காலம் போட்டோ வந்துவிட்டது, இரண்டு. கிழவி நன்றாகவே எடுத்திருந்தாள். ஆறு பல் கப்ளிங், கட்டப் பல். அடிவளையத்தில் மூன்று வெட்டு, ஒன்று விளிம்பு உடைந்தது. ஓரத்தில் கட்டைவிரலால் அணைத்துப் பிடித்த தீப்பெட்டி, மேலே கோழிப் படம் போட்டது. அடுத்ததில் பிளேடு, நான்கு இறக்கை, இரண்டு மேலே இரண்டு கீழே. வெளிச்சம் சாய்வாக விழுந்து கூர் பளிச்சென்று தெரிந்தது. அம்சவேணி விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் சுற்றுகிற மெஷின், இரண்டாவது அலமாரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றுதான் இருந்தாள். துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, சும்மா முதுகைச் சாய்த்தவள், எழுந்தபோது மணி நாலு. போட்டோதான் இருக்கிறதே என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜாரை எடுத்து, முதலாளி சேட்டுவிடம் சொல்லித் தன் கணக்கில் எழுதவைத்து, சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோ டென்சிலிடம் கொடுத்தாள். டென்சிலுக்கும் வீடு மைசூர் மைன்ஸில்தான், பாப்பம்மா வீட்டுக்குப் பக்கத்தில்.

"பாப்பம்மா அத்த வூட்ல குடுத்துரு."

"நீயே வந்து குடேன்க்கா. கெழவி காபி போட்டுக் குடுக்கும்."

"போடா. காலு ரெண்டும் கெஞ்சுது."

அன்றைக்கு எட்டு மணிக்குப் பாப்பம்மா போன் செய்தாள். "கும்முனு ஒக்காந்துகிச்சிடி, அளவெடுத்து செஞ்ச மாதிரி," என்றாள். அம்சவேணிக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

*

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, டென்சில்தான் சொன்னான்.

"வேலு பெரியவர ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்துட்டாங்க தெரியுமா?"

"எப்ப சேத்தாங்க?"

"உனக்குத் தெரியாதா? நாலஞ்சு நாளு இருந்தாருக்கா. மூக்குல கீற டியூபு அடச்சிகிச்சாம். புதுசு மாத்தசொல்லோ ரொம்பக் கஷ்டப்பட்டாராம். அப்பறம் ஜொரம், நெஞ்சுல சளி. இப்ப ஆளு பாதியா பூட்டாரு."

மறுநாள் ஞாயிறு. வெயில் ஏறுமுன் அம்சவேணி மைசூர் மைன்ஸுக்குப் போய்விட்டாள்.

வேலு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். கன்னம் உள்ளே போய், மூக்கோரம் பிளாஸ்திரி ஒட்டி, அதிலிருந்து குழாய் காது மேல் சுற்றிக் கிடந்தது. இவளைப் பார்த்ததும் இடது கை விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. பாப்பம்மா சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். தெளிந்த கஞ்சித் தண்ணீர், டம்ளரின் அடி தெரிந்தது.

"இது இன்னா அத்தே, வெறுந்தண்ணியா கீது?"

"இதுதான்டி ஊத்தறேன், வந்ததுல இருந்து."

"இது எப்டி பத்தும்? அரைச்சது?"

பாப்பம்மா கடைசிச் சொட்டுவரை இறக்கி, வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவி, மூடியைப் போட்டாள். பிறகு வெளியே வந்து வாசப்படியில் உட்கார்ந்தாள்.

"நான் அரைக்கமாட்டேன்டி இனிமே. எங்கையால அரைச்சி அரைச்சிதான் அந்த மனுசன இந்தக் கதிக்குக் கொண்ணாந்தேன். நர்சு எல்லார் முன்னாடியும் கேட்டா. டியூபுல இருந்து எடுத்த அடைப்பக் காட்டி, இன்னாம்மா இது, கேரட்டுத் துண்டு, பருப்புத் தோலு, கண்ணு தெரியாதா உனக்கு, இப்டியா அரைப்பேன்னு கேட்டா. லதாவும் நின்னுனு இருந்தா. மூஞ்சியத் திருப்பிகினா."

"வடிகட்டறதானே நீ?"

"வடிகட்டனேன். ஒண்ணுமே எறங்கல, பாதி மேலயே நின்னிச்சி. இவ்ளோ வீணா போவுதேன்னு கரண்டியால தேச்சி எறக்கனேன். பிசாசு புடிச்ச கை."

"புது ஜார்லயா அரைச்ச?"

"அதுலதான். அது நல்ல ஜாரு, நீ எடுத்தாந்தது. எனக்குத்தான் கை வரல. ரெண்டு நிமிசம் ஓடனா அடியில கப்ளிங்கு கழண்டுக்கும். மோட்டாரு ஊளையிடும், பிளேடு நிக்கும். துணியில பிளேடப் புடிச்சிகினு திரும்ப முறுக்குவேன். பழைய ஜாருல இப்டி ஒருநாளும் கழண்டதில்ல. புதுசு, பழகணும்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"நீயே அலைஞ்சி திரிஞ்சி வர. ஓசில எடுத்தாந்து குடுத்த பொருள கொற சொல்றதா?"

அம்சவேணி எழுந்து உள்ளே போனாள். பழைய ஜார் அடுப்பு மேடைக்குக் கீழே கிடந்தது, புதிது மேலே கவிழ்த்துவைத்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். பல் ஆறு, ஆறு. வெட்டு மூன்று, மூன்று. பழையதற்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு புதியதற்குள். பழைய பிளேடின் முதுகில் விரல் வைத்துத் தடவி, கூருக்கு வந்தாள். புதியதிலும் அதே மாதிரி தடவினாள். கூர் மறுபக்கம் இருந்தது.

பிளேடைப் பிடித்துக்கொண்டு புதிய கப்ளிங்கைத் திருகிப் பார்த்தாள். பாட்டில் மூடி போல இறுகியது. பழையது எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகியது. மூன்றாவது ஆளைக் கேட்கவேண்டியதில்லை. இத்தனை நாளும் பிளேடு தன் முதுகாலே கேரட்டையும் பருப்பையும் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, வெட்டவில்லை. கிழவி முறுக்க முறுக்க, மெஷின் கழற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

எப்படி? கைபோனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தாள். போட்டோவில் இருந்தது, தான் எடுத்துவந்த ஜாரேதான். கூர் அதே பக்கம். அப்படியென்றால் கண் சரி. கையிலிருக்கும் பழைய ஜார்தான் போட்டோவில் இருக்கிறதா? கைப்பிடியை மேலே வைத்துப் பிடித்தாள். உடைந்த விளிம்பு கையில் இருந்த ஜாரில் வலப்பக்கம் இருந்தது, போட்டோவில் இடப்பக்கம். அடுப்பு மேடையில் அதே தீப்பெட்டி கிடந்தது. கோழி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோவில் வலப்பக்கம் பார்த்தது. தீப்பெட்டியை அவள் எத்தனை தரம் பார்த்திருப்பாள். அளவுக்காகப் பார்த்தாள். கோழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

"அத்தே, அன்னிக்கு போட்டோ எப்டி எடுத்த?"

"நீ சொன்ன மாதிரிதான். போன செவுத்துல சாச்சி வெச்சி, லதாகிட்ட பேசறப்போ மூஞ்சி தெரியுமே, அப்டி ஜாரக் காட்டி, ஒரு கையால அமுக்கனேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

புதிய ஜாரோடு பழையதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். "புதுசுல கொஞ்சம் கோளாறு கீது. நாளைக்கு மாத்தி எடுத்தாறேன்."

"வேணான்டி. எனக்கு எந்த ஜாரும் வேணாம். நான் இந்தத் தண்ணியே ஊத்திக்கறேன்."

வேலு கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பில் தோல் போர்த்தின தோள். தண்ணீரில் மனுஷன் எத்தனை நாள் ஓடுவான்?

*

திங்கட்கிழமை காலையில் விவேக்கிடம் போனை நீட்டினாள். அவன் பார்த்ததும் சொன்னான்.

"இது செல்ஃபி கேமராக்கா. கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். சில போன்ல எடுத்த படமும் அப்படியே திரும்பித்தான் சேவ் ஆகும். நோடி, தீப்பெட்டில எழுத்தெல்லாம் உல்டா."

அவள் இங்கிலீஷ் எழுத்து படிக்கமாட்டாள். தமிழே முப்பது வயசுக்குமேல் ரயிலில் கூட வந்த ஒருத்தியிடம் எழுத்துக்கூட்டிக் கற்றது.

"உங்க கண்ணயே ஏமாத்திருச்சா?" விவேக் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, "பிடிக்கா, விடுங்க. தப்பு உங்களுது இல்ல. போட்டோ எடுத்தவங்க தப்பா எடுத்திருக்காங்க," என்றான்.

அந்த வார்த்தை நாள் முழுக்க அவள் கூடவே சுற்றியது. முதல் அலமாரியிலிருந்து சரியான ஜாரை எடுத்தாள். பழைய ஜாரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். இப்போதுதான் கிழவிக்கு அது வேண்டியதில்லையே. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் ஒருதரம், விரலால் ஒருதரம், திருகி ஒருதரம். இதை அன்றைக்கே செய்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கால்மணி நேரம் போதும்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பையை மாரோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஜாரைக் கொடுத்தால் மட்டும் கிழவி அரைக்கமாட்டாள். தன் கைதான் தப்பு என்று அவள் மனசில் பதிந்துவிட்டது. தப்பு ஜாரில் என்று சொன்னால், ஜார் எப்படித் தப்பாகப் போனது என்று கேட்பாள். போட்டோ திரும்பிவிட்டது என்றால், போட்டோ எடுத்தது யார்? மறுபடி அவள் கைதான். நர்ஸ் சொன்னது போதாதென்று நானும் போய்ச் சொன்ன மாதிரி ஆகும். விவேக் சொன்னது சரியாகவே இருக்கட்டும். சரியான வார்த்தை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகிற பொருள் இல்லை.

டென்சில் ஆட்டோவில் ஏறி, மைசூர் மைன்ஸ் என்றாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

பாப்பம்மா கதவைத் திறந்தாள். ஜாரைப் பார்த்ததும், "உங்கிட்ட வேணான்னு சொன்னேன்ல," என்றாள்.

"அத்தே, ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்."

பாப்பம்மா உட்காரவில்லை.

"அந்த ஜாரு உன் மெஷினுக்கு ஆவாது. உன் மெஷின் ஒரு பக்கம் சுத்துது, அந்த ஜாரு வேற பக்கம் சுத்தறதுக்கு செஞ்சது. கத்தியத் திருப்பிப் புடிச்சி வெட்டன மாதிரி. யாரு அரைச்சாலும் அப்டித்தான் வரும். நர்சு வந்து அரைச்சாலும் அப்டித்தான். உங்கையில ஒண்ணும் இல்ல. நான்தான் மாத்தி எடுத்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"போட்டோ சரியா இல்லியா? தெளிவா இல்லியா?"

அம்சவேணி அவள் கண்ணைப் பார்த்தாள். "போட்டோ சரியாத்தான் இருந்திச்சி. எங்கண்ணுதான் சரியா பாக்கல. ரெண்டு அலமாரி கீது. அசதில கை மாறிப்போச்சி."

உள்ளே வேலுவின் நெஞ்சுச் சளி இழுத்து இழுத்துக் கேட்டது.

"அசதி," என்றாள் பாப்பம்மா. "உனக்கு அசதி. நான் ராவும் பகலும் குந்திகினு கெடக்கறேன், எனக்கு அசதி இல்ல."

"ஆமா அத்தே."

"வந்து பாருன்னு சொன்னேன். ஒரு நாயித்துக்கெழம. போட்டோ போதும்னு சொன்ன. பெரிய கெட்டிக்காரி. ஊரே சொல்லுது, வேணி போட்டோ பாத்தே சொல்லிடுவான்னு. அந்த ஆளு மூக்குல டியூபத் திணிக்கசொல்லோ நீ பாக்கல. இந்தக் கையால அவுரு தலையப் புடிச்சிகினு நின்னேன். கண்ணுல தண்ணி ஊத்துது. பேச வாயும் இல்ல." குரல் உயரவில்லை. உயராமலே அவள் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "உங்கப்பன இந்த மனுசன் ஒரு தரம் மேல தூக்கியாந்தாரு, தெரியுமா உனக்கு? லெவல்ல கல்லு சரிஞ்சப்போ. உங்கம்மா சொல்லியிருப்பா."

"சொல்லியிருக்கு."

"அப்ப ஏன்டி வரல?"

தூங்கினேன் என்று சொல்வது பதில் இல்லை.

பாப்பம்மா ஜாரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். காலையில் தனக்காகப் பொங்கி வைத்திருந்த சோறும் பருப்பும் சட்டியில் இருந்தன. சூடாக்கி, ஒரு கேரட்டைத் துருவிப் போட்டு வேகவைத்தாள். அம்சவேணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வெந்ததும் ஆறவைத்து, தண்ணீர் விட்டு, ஜாரை மெஷின்மேல் உட்காரவைத்தாள். சுவிட்சில் கை வைத்தவள், திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"நீ திருப்பறியா?" என்று கேட்கப்போகிறவள் போல அவள் திரும்பினாள். ஆனால் அம்சவேணியைப் பார்த்ததும் முகம் இறுகிப்போய், தானே திருப்பினாள்.

மெஷின் ஊளையிடவில்லை. ஒரே சுருதியில் ஓடியது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கப்ளிங் கழலவில்லை. நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு விரலுக்கு நடுவே எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். டீ வடிகட்டியை டம்ளர்மேல் வைத்து ஊற்றினாள். தடதடவென்று இறங்கியது. வடிகட்டியைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே ஒன்றும் நிற்கவில்லை. மறுபடி ஒருதரம் ஊற்றி வடிகட்டினாள். அப்போதும் நிற்கவில்லை.

பாப்பம்மா வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு மேடைமேல் தலை சாய்த்தாள். முதுகு குலுங்கியது. அம்சவேணி ஓர் அடி எடுத்துவைத்தாள்.

"வராத," என்றாள் பாப்பம்மா திரும்பாமலே. "நீ வராத. இனி இந்த வூட்டுக்கு எதுவும் போட்டோ பாத்து எடுத்தாராத. போ. காலையில ரயிலு புடிக்கணும்ல உனக்கு."

அம்சவேணி பழைய ஜாரை வாசல் ஓரமாக வைத்துவிட்டு இறங்கினாள். படியிலிருந்து பார்த்தபோது, பாப்பம்மா வேலுவின் தலையை உயர்த்தி வைத்து, சிரிஞ்சைக் குழாயில் மாட்டி, கையை மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். கெட்டியான மஞ்சள் நிறக் கஞ்சி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எங்கும் நிற்கவில்லை. வேலுவின் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

அதற்குப் பிறகு மைசூர் மைன்ஸிலிருந்து யாரும் அவளுக்குப் போட்டோ அனுப்பவில்லை. ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் நின்றுபோயிற்று. பாப்பம்மா குழாயடியிலும் ரேஷன் கடையிலும் சொல்லியிருந்தாள். மறைத்துச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

டென்சில் ஒருநாள் ஆட்டோவில் போகும்போது, "இன்னாக்கா, அந்தம்மா உன்னப்பத்தி எல்லார்கிட்டயும் சொல்லினு கீது. அசதில தப்பு ஜார எடுத்தாந்துட்டான்னு. நெசந்தானா?" என்றான்.

"நெசந்தான்."

"நீ ஏதாவது சொல்லேன். உம்பேரு கெட்டுப்போவுதுல."

"இன்னா சொல்றது. மாமா எப்டி கீறாரு?"

டென்சில் கொஞ்ச தூரம் ஓட்டினான். ரோட்டில் பள்ளம் வந்தது. இறக்கி ஏற்றினான்.

"ஜொரம் நின்னுபோச்சி. ஒடம்பு ஏறலக்கா. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்போ எப்டி இருந்தாரோ அப்டித்தான். டாக்டரும் பெருசா ஒண்ணும் சொல்லல." பிறகு, "ஆனா கெழவி உடல. நாலு வேளையும் அரைக்குது. பக்கத்து வூட்லதான நான் கீறேன், காலையில அஞ்சு மணிக்கே அந்த சத்தத்துலதான் எழுந்துக்கறேன்," என்றான்.

"எவ்ளோ நேரம் ஓடுது?"

"இன்னாது?"

"மிக்ஸி. நடுவுல நிக்குதா?"

"நிக்கல. ஒரே அடியா ஓடுது."

அம்சவேணி தலையை ஆட்டினாள். கோரமண்டல் வந்ததும் இறங்கி, வீட்டுக்கு நடந்தாள். நாளை வேலை நாள்.